நிகழ்ச்சி முடிந்த மறுநாள்: "யார் இவர்?" என்று யோசிக்க வைக்காத ஒரு சின்ன மெயில்

நெட்வொர்க்கிங் நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து, அங்கே பார்த்தவருக்கு மெயில் போடுகிறீர்கள். பதில் வரவில்லை. உடனே "அவருக்கு நம்மிடம் பேச விருப்பமில்லை போல" என்று தோன்றும். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது. நீங்கள் யாரென்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே மாலையில் முப்பது பேரிடம் கை குலுக்கியவர் அவர். மறுநாள் காலை "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று ஐந்தாறு மெயில்கள் வந்து கிடக்கும்போது, எது யாருடையது என்று யோசிக்கவே அலுப்பாக இருக்கும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். அந்த அப்புறம் வராது.

இந்த மாதிரி மெயில்களை அனுப்பிவிட்டு இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்த காலம் எனக்கு உண்டு. இப்போது எனக்கே அவை வருகின்றன. இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: உங்கள் பெயரும் பதவியும் உங்களை ஞாபகப்படுத்துவதில்லை. அவர் உங்களிடம் சொன்ன ஒரு விஷயம்தான் ஞாபகப்படுத்தும். யாருக்குமே அடுத்தவர் பேசியதைவிடத் தான் பேசியது சட்டென்று நினைவுக்கு வரும். கீழே இருக்கும் எல்லா அடிகளும் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்து வைத்து, சரியான இடத்தில் போடுவதற்காகத்தான்.

சும்மா விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கூடவே கொண்டுபோகிறேன். ஓர் இளைஞர். சில வருடம் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவர், இப்போது டேட்டா அனாலிசிஸ் வேலை தேடுகிறார். 28-ஆம் தேதி வியாழக்கிழமை ஒரு துறைசார் நிகழ்ச்சிக்குப் போகிறார். பெயர் அட்டை வாங்கும் வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பார்சல் நிறுவனத்தின் மேலாளர் நிற்கிறார். பேச்சு தொடங்குகிறது. "எல்லாக் கணக்கும் ஒத்துப்போகும், திரும்பி வர்ற பார்சல் கணக்கு மட்டும் மாசக் கடைசியில ஒத்தே போகாது" என்கிறார் அந்த அம்மா. இவர் தன் பழைய கிடங்கில் அதற்கு என்ன செய்தார்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்கிறார். "அட, அதை எனக்கு எழுதி அனுப்புங்க. ஆனா 5-ஆம் தேதி வரைக்கும் மாசக் கணக்குல மாட்டிட்டிருப்பேன்" என்று சொல்லி விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மொத்தம் மூன்று நிமிடப் பேச்சு.

1. அன்று இரவே குறித்துவையுங்கள்

மெயில் மறுநாள் போனால் போதும். குறிப்பு மட்டும் அன்றே எழுதப்பட வேண்டும். முடிந்தால் அரங்கைவிட்டு வெளியே வந்ததும், வீட்டுக்குப் போகும் வழியிலேயே போனில் தட்டிவிடுங்கள். தூங்கி எழுந்தால் "பார்சல் கம்பெனி மேடம், நல்லாப் பேசினாங்க" என்கிற அளவுக்குத்தான் மிஞ்சும். அதை வைத்து ஒரு மெயிலும் எழுத முடியாது.

எழுத வேண்டியது நான்கு விஷயம்: எங்கே நின்று பேசினீர்கள், அவர் சொன்ன பிரச்சினை அல்லது கருத்து என்ன, நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் யாருக்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள். இரண்டாவதை மட்டும் அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள். நம் உதாரணத்தில் குறிப்பு இப்படி இருக்கும்:

> பெயர் அட்டை வரிசை, எனக்கு முன்னால். "திரும்பி வர்ற பார்சல் கணக்கு மாசக் கடைசியில ஒத்தே போகாது." நான்: வாசல் எண்ணிக்கை + அலமாரி எண்ணிக்கை, தினமும் ஒப்பிடுவது. "எழுதி அனுப்புங்க" என்றார். 5 வரை பிஸி.

இதில் "ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸில் உள்ள சவால்கள்" என்று அழகுபடுத்தி எழுதியிருந்தால் பாதிப் பயன் போயிருக்கும். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. "திரும்பி வர்ற பார்சல்" என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை மெயிலில் பார்த்தால்தான் "ஆமா, நான் இதைச் சொன்னேனே" என்று அவருக்குத் தோன்றும்.

கார்டின் பின்பக்கத்தில் எழுதுவது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம். பளபளப்பான அட்டையில் பேனா ஓடாது என்பதால் போனும் கையில் இருக்கட்டும். அவர் கண்முன்னே அவருடைய கார்டில் கிறுக்க வேண்டாம், சிலருக்குப் பிடிக்காது.

2. யாருக்கு எழுதுவது என்று தேர்ந்தெடுங்கள்

ஒரு மெயிலை ஒழுங்காக எழுத இருபது நிமிடமாவது ஆகும். காசுச் செலவு என்று எதுவுமில்லை; போகிற விலை இந்த நேரம்தான். பையில் பதினைந்து கார்டு இருக்கிறது என்பதற்காகப் பதினைந்து பேருக்கும் எழுத உட்கார்ந்தால், மூன்றாவது மெயிலிலிருந்து எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடும். குறிப்பில் "அவர் சொன்னது" என்ற வரி யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். பொதுவாக மூன்று, நான்கு பேர் தேறுவார்கள். மற்றவர்களின் எண்ணைச் சேமித்து வைத்தால் போதும்.

ஒரே மெயிலை எல்லோருக்கும் பிசிசி போட்டு அனுப்பும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். தன் முகவரி பெறுநர் இடத்தில் இல்லாததைப் பார்த்ததுமே ஆள் புரிந்துகொள்வார்.

3. அனுப்பும் நேரம்

மறுநாள் காலை நல்லது, அதற்கடுத்த நாள் பரவாயில்லை. மூன்று நாள் தாண்டினால் ஞாபகம் மங்கிவிடும். அப்போதும் அனுப்பலாம், ஆனால் நீங்கள் யாரென்று சொல்லும் வரி இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்த அன்று இரவு பதினோரு மணிக்கே அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் களைத்துப்போய்ப் போனைப் புரட்டும் நேரம் அது. படித்துவிட்டு, காலையில் பதில் போடலாம் என்று மூடுவார். காலையில் அது படித்த மெயிலாகக் கீழே போயிருக்கும். இரவிலேயே எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் ஜிமெயிலில் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி `Schedule send` மூலம் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிடலாம். அவர் வேறு நாட்டில் இருந்தால் அவருடைய ஊர் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் குறிக்கும் நேரம் உங்கள் ஊர் நேரம்தான்.

நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் காலை அனுப்புங்கள். திங்கள் காலை இன்பாக்ஸ் நெரிசலாக இருக்குமே என்று சிலர் செவ்வாய் வரை காத்திருப்பார்கள். அதனால் பெரிய வித்தியாசம் வந்து நான் பார்த்ததில்லை.

நம் உதாரணத்தில் ஒரு சிக்கல். அந்த அம்மா 5-ஆம் தேதி வரை பிஸி. அப்படியானால் 5 வரை பொறுத்திருப்பதா? வேண்டாம். ஞாபகம் இருக்கும்போதே, 29-ஆம் தேதி காலையில், மெயில் போய்விட வேண்டும். நீங்கள் கேட்பதை மட்டும் 5-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன தேதியை நீங்கள் மறக்கவில்லை என்பதும் அதில் தெரிந்துவிடும்.

4. சப்ஜெக்ட் வரி

போன் திரையில் சப்ஜெக்ட் முழுசாகத் தெரியாது. முதல் நான்கைந்து சொற்கள்தான். தமிழ் எழுத்து அகலம் கூடுதல் என்பதால் இன்னும் குறையும். ஆகவே முக்கியமானது முதலில் வர வேண்டும். "நேற்றைய நிகழ்ச்சியில் சந்தித்தது குறித்து" என்று தொடங்கினால், தெரிகிற பகுதியில் உங்களைப் பற்றி எதுவுமே இருக்காது. "திரும்பி வரும் பார்சல் கணக்கு" என்று தொடங்கினால் அவருடைய தலைவலி அவர் கண்ணில் படும். எங்கே பேசினீர்கள் என்பதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: இன்பாக்ஸ் பட்டியலில் சப்ஜெக்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ மெயிலின் முதல் வரியும் கொஞ்சம் தெரியும். "நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்று ஆரம்பித்தால் அந்த இடம் முழுக்க அதற்கே போய்விடும். மெயிலைத் திறக்காமலேயே உங்களை அடையாளம் காட்டக் கிடைத்த இடம் அது.

இன்னொன்றும் பாருங்கள்: அனுப்புநர் பெயர். கல்லூரி நாளில் தொடங்கிய கணக்கில் செல்லப் பெயரோ, இனிஷியல் மட்டுமோ இருக்கலாம். நிகழ்ச்சியில் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் எந்தப் பெயர் இருந்ததோ அதே பெயர் மெயிலிலும் தெரிய வேண்டும். ஜிமெயிலில் கணினி வழியே `Settings` போய், `Accounts and Import` பக்கத்தில் `Send mail as` என்ற இடத்தில் மாற்றலாம். மாற்றிவிட்டு உங்களுடைய வேறொரு முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். எப்படித் தெரிகிறது என்று புரிந்துவிடும்.

5. மெயில் எழுதுவது

முதலில், வழக்கமாக எல்லோரும் எழுதுவது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

> சப்ஜெக்ட்: நேற்றைய சந்திப்பு குறித்து
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றைய நிகழ்ச்சியில் தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. தங்கள் அனுபவமும் கருத்துகளும் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தன. நான் டேட்டா அனாலிசிஸ் துறையில் ஆர்வம் கொண்டவன். என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன். தங்கள் நிறுவனத்தில் பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் இதை அந்த அரங்கில் இருந்த யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, கேட்பதும் பெரிதாக இருக்கிறது. "வாய்ப்பு இருந்தால் தெரிவியுங்கள்" என்றால் அவர் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். எழுதி அனுப்பச் சொன்ன விஷயத்தையோ காணவே காணோம்.

அதே ஆள், அதே மூன்று நிமிடம், அன்று இரவு எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு:

> சப்ஜெக்ட்: திரும்பி வரும் பார்சல் கணக்கு – வியாழன் வரிசையில் பேசியது
>
> வணக்கம் மேடம்,
>
> வியாழக்கிழமை பெயர் அட்டை வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றவன் நான், முன்பு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவன். திரும்பி வரும் பார்சல் கணக்கு மட்டும் மாதக் கடைசியில் ஒத்துப்போவதில்லை என்று சொன்னீர்கள்.
>
> நாங்கள் செய்ததை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். பார்சல் வாசலில் இறங்கும்போது ஓர் எண்ணிக்கை, அலமாரிக்குப் போகும்போது இன்னோர் எண்ணிக்கை. இரண்டையும் மாதக் கடைசி வரை விடாமல் அன்றன்று மாலையே ஒப்பிட்டோம். எந்த நாளில், எந்த இடத்தில் விடுபடுகிறது என்று உடனே தெரிந்தது.
>
> உங்கள் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. மாதக் கணக்கு முடிந்த பிறகு 15 நிமிடம் போனில் பேசலாமா? 8 திங்கள் அல்லது 9 செவ்வாய் காலை எனக்குச் சரிப்படும். வேறு நாள் என்றாலும் சொல்லுங்கள்.
>
> (பெயர்)
> (போன் எண்)

முதல் பத்தியில் இரண்டே வாக்கியம். ஒன்று இடத்தைச் சொல்கிறது, ஒன்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. "முன்பு கிடங்கில் கணக்கு பார்த்தவன்" என்பது போகிற போக்கில் வருகிறது. உங்களைப் பற்றிய அறிமுகம் அவ்வளவுதான் வேண்டும். அதுவும் அவருடைய பிரச்சினையோடு ஒட்டுகிற பகுதி மட்டும். டேட்டா அனாலிசிஸ் படித்தது, சான்றிதழ் வாங்கியது எதுவும் இங்கே இல்லை. பேசும்போது தானாக வரும்.

இரண்டாவது பத்தி வாக்கைக் காப்பாற்றுகிறது. இதை அட்டாச்மென்டாகப் போடாமல் மெயிலுக்குள்ளேயே நான்கு வரியில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். திறக்காமல் படிக்க முடிகிறது, வேண்டுமானால் தன் டீமில் ஒருவருக்கு அப்படியே தள்ளிவிடவும் முடிகிறது. அப்படித் தள்ளப்படும் மெயில்கள்தான் பல சமயம் வேலைக்கு ஆகின்றன.

மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு கேள்வி, அதற்கு "சரி, 9" என்று இரண்டு சொல்லில் பதில் போட முடியும். "உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்" என்று விட்டால் அவர் காலண்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். இரண்டு தேதி போதும். ஐந்தாறு தேதி கொடுத்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

மொழி பற்றிக் கேட்பார்கள்: கூட்டத்தில் எந்த மொழியில் பேசினீர்களோ அதிலேயே எழுதுங்கள். தமிழில் சிரித்துப் பேசிவிட்டு மறுநாள் விறைப்பான ஆங்கிலத்தில் எழுதினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். அலுவலக மெயில் முழுக்க ஆங்கிலத்தில்தான் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் அவர் சொன்ன சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். விளிப்பதும் அப்படித்தான். நேரில் "சார்", "மேடம்" என்று கூப்பிட்டீர்கள் என்றால் மெயிலிலும் அதுவே. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவர் என்றால் பெயர்.

6. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பேசாதபோது

மேடையில் பேசியவரிடம் இருபது பேரோடு நின்று கார்டு மட்டும் வாங்கியிருப்பீர்கள். அவருக்கு உங்கள் முகம்கூட நினைவிருக்காது. அப்போது "நாம் நன்றாகப் பேசினோமே" என்கிற தொனியில் எழுதினால் அவருக்குச் சங்கடம், உங்களுக்கும் மரியாதையில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்: "உங்கள் பேச்சு முடிந்ததும் கார்டு வாங்கினேன், பேச நேரம் கிடைக்கவில்லை." அதற்கடுத்த வரியில் மேடையில் அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட விஷயம், அதன் மேல் உங்களுக்குள்ள ஒரு கேள்வி. பேச்சு நன்றாக இருந்தது என்ற பொதுப் பாராட்டு வேண்டாம். அது நீங்கள் பேச்சைக் கேட்டதற்கு அத்தாட்சி ஆகாது. கேள்விகேட்கும் நேரத்தில் நீங்கள் எழுந்து கேட்டிருந்தால் கதையே வேறு. "கடைசி வரிசையிலிருந்து இன்னதைக் கேட்டவள் நான்" என்றால் பளிச்சென்று ஞாபகம் வந்துவிடும்.

7. அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

முகவரியைக் கார்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். `l` என்ற எழுத்தும் `1` என்ற எண்ணும், `O` என்ற எழுத்தும் `0` என்ற பூஜ்யமும் சில எழுத்துருவில் ஒன்று போலவே இருக்கும். கார்டைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் ஆப்களும் இதில்தான் தடுமாறும். தவறான முகவரிக்குப் போனால் பெரும்பாலும் சில நிமிடத்தில் `Mail Delivery Subsystem` என்ற பெயரிலோ அது போன்ற பெயரிலோ ஒரு மெயில் திரும்பி வரும். அதற்குள் `550` என்பது போல 5-இல் தொடங்கும் எண் இருந்தால், மறுபடி அனுப்பினாலும் போகாது என்று அர்த்தம். முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், சர்வரே திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். இந்தத் திரும்பி வந்த மெயில் ஸ்பாம் பெட்டியில் போய் விழுவதும் உண்டு. ஆகவே அனுப்பிய அன்று ஒருமுறை அங்கேயும் எட்டிப்பாருங்கள். அவர் மதிக்கவில்லை என்று ஒரு வாரம் மனம் புழுங்கிக்கொண்டிருப்போம், மெயில் போயே இருக்காது.

அட்டாச்மென்ட் முதல் மெயிலில் வேண்டாம், அவராகக் கேட்டிருந்தால் தவிர. அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஃபைல் வந்தால் பல அலுவலகங்களின் வடிகட்டி சந்தேகப்படும், ஆளும் சந்தேகப்படுவார். சுருக்கிய லிங்க்குகளும் அப்படித்தான். கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த லிங்க்கை உங்கள் கணக்கில் நுழையாத ஒரு தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் அவருக்கும் அதேதான் தெரியும். அவர் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்கப்போவதில்லை.

ஒருவருக்கு எழுதியதை நகலெடுத்து அடுத்தவருக்கு மாற்றும்போது, விளிக்கும் பெயரை மாற்றியிருப்பீர்கள், நடுவிலிருக்கும் நிறுவனப் பெயர் பழையதாகவே கிடக்கும். வேறு இடத்திலிருந்து ஒட்டிய வாக்கியம் வேறு அளவு எழுத்தில் தெரிந்து, இது பலருக்கும் போகும் மெயில் என்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் வெற்றுப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். அதற்குத்தான் ஆளைக் குறைக்கச் சொன்னேன். எதற்கும் ஜிமெயிலில் `Undo Send` நேரத்தை 30 விநாடிக்கு நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிழை கண்ணில் படுவது எப்போதும் அனுப்பிய அடுத்த நொடியில்தான்.

மெயிலைத் திறந்தாரா என்று வேவு பார்க்கும் கருவிகளைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அவை மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்து, அது ஏற்றப்படுகிறதா என்று பார்க்கின்றன. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமை வசதியை ஒருவர் இயக்கியிருந்தால், அவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் அந்தப் படம் பின்னணியில் ஏற்றப்பட்டுவிடும். படங்களையே தடுத்து வைத்திருப்பவர் படித்தாலும் தெரியாது. ஆக, அது சொல்லும் "திறந்தார்" என்பதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

8. பதில் வரவில்லை என்றால்

இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். பொதுவாக ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி. ஆனால் நாளை எண்ணத் தொடங்குவது அவர் ஓய்வாகும் நாளிலிருந்து. நம் உதாரணத்தில் அந்த அம்மா 5 வரை பிஸி, நீங்கள் கேட்டிருந்தது 8 அல்லது 9. அந்த இரண்டு நாளும் சத்தமில்லாமல் கழிந்தால் 11-ஆம் தேதி இரண்டாவது மெயில்.

அதைப் புது மெயிலாக எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய பழைய மெயிலைத் திறந்து, அதற்கே பதில் போடுவது போல எழுதுங்கள். முதல் மெயில் அடியிலேயே இருக்கும், நீங்கள் யாரென்று மறுபடி விளக்க வேண்டாம். சப்ஜெக்டை மாற்றாதீர்கள்; மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். அனுப்புமுன், பெறுநர் இடத்தில் உங்கள் முகவரி வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

> மேடம், மாதக் கணக்கு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் சொன்ன இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடும் தாளின் காலி மாதிரியை ஒரு பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன். பேசுவதென்றால் 16 அல்லது 17 காலை வசதி. உங்கள் டீமில் வேறு யாராவது இதைப் பார்க்கிறார்கள் என்றால் அவர் பெயரைச் சொன்னாலும் போதும்.

"என் மெயிலைப் பார்த்தீர்களா?", "ஞாபகப்படுத்துகிறேன்" போன்ற வரிகள் இதில் இல்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் பதில் இன்னும் தள்ளிப்போகும். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று இருக்கிறது, அந்தக் காலி மாதிரித் தாள். "காலி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய கம்பெனியில் பயன்படுத்திய தாளை எண்களோடு அப்படியே அனுப்பினால் அது அவர்களுடைய தகவலை வெளியே கொடுத்ததாகும். வாங்குகிறவர் அனுபவசாலி என்றால், நாளை நம்முடையதையும் இவர் இப்படித்தானே கொடுப்பார் என்று நினைத்துக்கொள்வார். தலைப்புகளைக்கூடப் பொதுவாக்கிப் புதிதாகப் போடுங்கள்.

இதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது மெயில், வாட்ஸ்ஆப்பில் ஒரு தட்டு, லிங்க்ட்இன்னில் ஒரு தட்டு என்று நான்கு வாசலிலும் மணி அடிக்காதீர்கள். குறிப்பை மட்டும் அழிக்க வேண்டாம். சில மாதம் கழித்து அதே துறையில் இன்னொரு நிகழ்ச்சியில் அவரைப் பார்க்க நேர்ந்தால், மறுநாள் அதே பழைய மெயிலின் மேலேயே எழுதலாம்.

9. பதில் வந்தால்

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

"சரி, 9 காலை பேசலாம்" என்று வந்தால் அன்றைக்குள் பதில் போடுங்கள். எத்தனை மணி, யார் யாரை அழைப்பது, எந்த எண் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். நீங்கள் கேட்டது 15 நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் "நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். தொடர வேண்டுமென்றால் அவர் சொல்வார்.

"பயோடேட்டா அனுப்புங்க" என்று வந்தால் இப்போது அட்டாச்மென்ட் போடலாம். பிடிஎஃப் ஆக, ஃபைல் பெயரில் உங்கள் பெயர் இருக்கும்படி. `resume_final_new2.pdf` என்று போனால், அவர் அதைச் சேமித்த ஃபோல்டரில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். மெயிலில் மறுபடி நீண்ட அறிமுகம் வேண்டாம். பயோடேட்டாவில் அந்தப் பார்சல் கணக்கு வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால், அவர் நேராக அங்கே போவார்.

"இதை எங்க டீம்ல இன்னார் பார்க்கிறார், அவரையும் சேர்த்திருக்கேன்" என்று இன்னொருவரை சிசியில் இழுத்து வந்தால், மூன்றிலும் நல்ல பதில் அதுதான். நிறையப் பேர் இங்கே தடுமாறுகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு வரி நன்றி சொல்லி, அவரைப் பிசிசிக்கு மாற்றி, புதியவருக்கு எழுதுங்கள். "நன்றி மேடம், உங்களைப் பிசிசிக்கு மாற்றுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மாற்றினால், நீங்கள் பதில் போட்டது அவருக்குத் தெரியும், அடுத்த பத்து மெயில்கள் அவர் இன்பாக்ஸில் வந்து விழாது. புதியவருக்கு நீங்கள் முற்றிலும் அந்நியர். கீழே இருக்கும் பழைய மெயிலை அவர் படிப்பார் என்று நம்பாமல், பார்சல் கணக்கு, இரண்டு எண்ணிக்கை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு இரண்டு தேதி கொடுங்கள். அவரோடு பேசி முடித்த பிறகு அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு மெயில், இரண்டே வரி: பேசினோம், இன்னது முடிவானது. அறிமுகம் செய்து வைத்தவருக்கு அது என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை, அதனாலேயே இந்த இரண்டு வரியை அனுப்பியவரை அவர் மறக்க மாட்டார்.